லைசோசைம் ஸ்கேனில் இரண்டு என்தால்பி ஏன் வருகிறது, எதை எடுத்துக்கொள்வது?

கேள்வி: கோழி முட்டை லைசோசைமை பி.எச். 2.5 கிளைசின் பஃபரில் டி.எஸ்.சி. கருவியில் நிமிடத்துக்கு 1 டிகிரி வேகத்தில் ஓட்டினேன். பொடியை நிறுத்து 1.1 மி.கி./மி.லி. கரைசல் செய்திருந்தேன். 60 டிகிரியில் அழகான ஒரே முகடு கிடைத்தது. ஆனால் மென்பொருள் ΔH = 418, ΔHv = 460 கி.ஜூ./மோல் என்று இரண்டு மதிப்புகளைக் காட்டுகிறது. இவற்றில் எது சரி? வரைபடத்திலிருந்து இவற்றைக் கையால் சரிபார்ப்பது எப்படி?

பதில்:

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 418 என்பது முகட்டின் பரப்பிலிருந்து வந்த எண். அதற்கு நீங்கள் கொடுத்த செறிவு சரியாக இருந்தால்தான் அது சரி. 460 என்பது முகட்டின் வடிவத்திலிருந்து வந்த எண். அதற்குச் செறிவே தேவையில்லை, ஆனால் புரதம் இடைநிலை எதுவுமின்றி, மீளக்கூடிய விதத்தில் அவிழ வேண்டும். இந்த நிலைமைகளில் லைசோசைம் அப்படித்தான் அவிழ்கிறது. ஆகவே உங்கள் செறிவு ஏறக்குறைய பத்து சதவீதம் அதிகமாக எழுதப்பட்டிருக்கிறது என்பதே என் வலுவான ஊகம். 60 டிகிரி என்ற வெப்பநிலையை இந்தப் பிழை தொடவே தொடாது. ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதை வரைபடம் உருவாகும் இடத்திலிருந்து தொடங்கி விளக்குகிறேன்.

கருவிக்குள் ஒரே அளவுள்ள இரண்டு கலங்கள் இருக்கின்றன. ஒன்றில் புரதக் கரைசலும் மற்றொன்றில் வெறும் பஃபரும் நிரப்பப்பட்டு, இரண்டும் ஒரே வேகத்தில் சூடேற்றப்படுகின்றன. இரண்டின் வெப்பநிலையும் சமமாகவே இருக்கும்படி ஒரு கலத்துக்குக் கூடுதலாகத் தர வேண்டிய மின்திறன்தான் பதிவாகிறது. புரதம் அவிழும்போது வெப்பத்தை உறிஞ்சுவதால் அந்தக் கலம் பின்தங்க முயல்கிறது. அதை ஈடுகட்டக் கருவி கூடுதல் திறனைக் கொடுக்கிறது. அதுவே முகடாகத் தெரிகிறது. பதிவான திறனை ஸ்கேன் வேகத்தால் வகுத்தால் வெப்ப ஏற்புத்திறன் கிடைக்கும்.

இந்தக் குறிப்பலை எவ்வளவு சிறியது என்பதை ஒருமுறை கணக்கிட்டுப் பார்ப்பது நல்லது, ஏனெனில் பின்னால் வரும் எச்சரிக்கைகள் எல்லாம் அதிலிருந்தே பிறக்கின்றன. கலத்தின் கொள்ளளவு 0.5 மி.லி. என்று வைத்துக்கொள்வோம், உங்கள் கருவியின் கலம் வேறு அளவில் இருந்தால் அந்த எண்ணை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். அரை மில்லிலிட்டர் நீரின் வெப்ப ஏற்புத்திறன் ஏறத்தாழ 2.1 ஜூல்/கெல்வின். உங்கள் முகட்டின் உச்சியில் புரதம் சேர்ப்பது ஏறத்தாழ 2 மில்லிஜூல்/கெல்வின் மட்டுமே, அதாவது நீரின் பங்கில் ஆயிரத்தில் ஒன்று. உங்கள் ஸ்கேன் வேகத்தில் இது 33 மைக்ரோவாட் திறனுக்குச் சமம். அந்த ஆயிரத்தில் ஒரு பங்கைத்தான் நாம் உச்சம், பரப்பு, வடிவம் என்று பிரித்துப் படிக்கிறோம். ஆகவே ஒப்பீட்டுக் கலத்தில் உள்ள பஃபர், புரதம் கரைந்துள்ள பஃபரோடு உப்பின் அளவில் சிறிதே வேறுபட்டாலும், அந்த வேறுபாடு புரதத்தின் அடிக்கோட்டைச் சாய்த்துவிடும். புரதத்தை டயாலிசிஸ் செய்து, அதன் கடைசி வெளிக்கரைசலையே ஒப்பீட்டுக் கலத்தில் ஊற்றுவது இதனால்தான். கரைசலில் கரைந்துள்ள காற்றை முன்னதாகவே நீக்க வேண்டும். இரண்டு மூன்று வளிமண்டல அழுத்தத்தில் கலங்களை மூடி வைக்க வேண்டும். இல்லையென்றால் சூடேறும்போது குமிழி பிறந்து, முகடு போன்ற ஒன்றை அதுவே வரைந்துவிடும்.

ஒப்பீட்டு ஸ்கேனை எடுக்கும் முறையும் முக்கியம். இரண்டு கலங்களிலும் பஃபரை நிரப்பிச் சில சுற்றுகள் ஓட்ட வேண்டும். முதல் சுற்று பெரும்பாலும் மற்றவற்றோடு ஒத்துப்போகாது. கருவியின் வெப்ப நிலை சீராக ஒரு முழுச் சுற்றாவது தேவைப்படும். அடுத்தடுத்த இரண்டு சுற்றுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்த பிறகு, சுற்றை நிறுத்தாமல், கலம் குளிர்ந்து அறை வெப்பநிலையை நெருங்கும் நேரத்தில் ஒரு கலத்தின் பஃபரை எடுத்துவிட்டுப் புரதக் கரைசலை ஏற்ற வேண்டும். பஃபர் ஸ்கேன் ஒரு நாளும் புரத ஸ்கேன் மற்றொரு நாளும் எடுக்கப்பட்டிருந்தால், கழித்த பிறகு மிஞ்சும் அடிக்கோட்டை நான் நம்பமாட்டேன்.

கழித்தபின் வரும் கோட்டில் முதன்முறை பார்ப்பவர்களைக் குழப்பும் ஒன்று உண்டு. அவிழ்வதற்கு முன்பு, அதாவது 30, 40 டிகிரியில், புரதக் கரைசலின் கோடு பஃபரின் கோட்டுக்குக் கீழே இருக்கும். இது பிழையல்ல. புரதம் தன் கனஅளவுக்கு ஏற்ற நீரைக் கலத்திலிருந்து வெளியேற்றிவிடுகிறது. ஒரு கிராம் புரதத்தின் வெப்ப ஏற்புத்திறன் ஒரு கிராம் நீரினுடையதைவிட மிகக் குறைவு. தனி மதிப்பாகப் புரதத்தின் வெப்ப ஏற்புத்திறன் வேண்டுமென்றால் இந்த இடப்பெயர்ச்சிக்குத் திருத்தம் செய்ய வேண்டும். உருகு வெப்பநிலையும் என்தால்பியும் மட்டும் போதுமென்றால் தேவையில்லை, ஏனெனில் அவை இரண்டும் அடிக்கோட்டுக்கு மேலே உள்ள பகுதியிலிருந்து மட்டுமே படிக்கப்படுகின்றன.

இனி உருகு வெப்பநிலை. மூலக்கூறுகளில் பாதி மடிந்தும் பாதி அவிழ்ந்தும் இருக்கும் வெப்பநிலையே அது. ஆகவே கொள்கைப்படி பார்த்தால் முகட்டின் உச்சியைவிட, அவிழ்தல் பாதி முடிந்த புள்ளியையே படிக்க வேண்டும். அவிழும்போது வெப்ப ஏற்புத்திறன் ஒரு படி உயர்வதாலும், என்தால்பியே வெப்பநிலையோடு ஏறுவதாலும், உச்சி அந்தப் பாதிப் புள்ளிக்குச் சற்று வலப்பக்கம் நகர்கிறது. உங்கள் எண்களை வைத்துப் பார்த்தால் இந்த நகர்வு அரை டிகிரிக்கும் குறைவு. ஒரே முகடுள்ள சிறிய புரதத்துக்கு உச்சியையே எடுத்துக்கொண்டாலும் பெரிய தவறில்லை. ஆனால் அதைவிடப் பெரிய பிழை வேறிடத்திலிருந்து வரலாம். ஸ்கேன் வேகத்தை நிமிடத்துக்கு மூன்று நான்கு டிகிரியாகக் கூட்டினால் கருவியின் சொந்தத் தாமதம் முகட்டை வலப்பக்கம் தள்ளும், அகலப்படுத்தவும் செய்யும். உங்கள் வேகத்தில் அந்தக் கவலை இல்லை.

பஃபரின் தேர்வும் இங்கே பேசுகிறது. டிரிஸ் பஃபரின் பி.எச். ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய 0.028 குறைகிறது, 25 டிகிரியில் 8.0 என்று அளந்தது 75 டிகிரியில் 6.6 ஆகிவிடும். அப்போது உருகு வெப்பநிலைக்கு அருகே எழுதும் பி.எச். பொய்யாகிவிடுகிறது. அதோடு, அவிழும்போது புரதம் புரோட்டான்களை ஏற்றாலோ விட்டாலோ, அவற்றைப் பரிமாறிக்கொள்ளும் பஃபரின் அயனியாக்க வெப்பமும் பரப்பில் கலந்துவிடும். டிரிஸில் அது மோலுக்கு ஏறத்தாழ 47 கி.ஜூ.; உங்கள் கிளைசினின் கார்பாக்சில் தொகுதிக்கும், நடுநிலையில் பயன்படும் பாஸ்பேட்டுக்கும் அது ஒற்றை இலக்கமே. கிளைசினைத் தேர்ந்தெடுத்தது நல்ல முடிவு.

அடுத்தது அடிக்கோடு. என்தால்பியை அதிகமாகக் கெடுப்பது இதுதான் என்பதால் இங்கே சற்று நிற்கிறேன். உங்கள் வரைபடத்தில் முகட்டுக்கு இடப்பக்கம் உள்ள கோடும் வலப்பக்கம் உள்ள கோடும் ஒரே உயரத்தில் இருக்காது, வலப்பக்கம் உயர்ந்திருக்கும். அவிழ்ந்த புரதத்தின் நீர்விலக்கும் பக்கத்தொகுதிகள் நீருக்கு வெளிப்படுவதால் அதன் வெப்ப ஏற்புத்திறன் மடிந்த நிலையைவிட அதிகம். லைசோசைமுக்கு இந்த வேறுபாடு மோலுக்கு, கெல்வினுக்கு ஏறத்தாழ 6.5 கி.ஜூ. முகட்டின் கீழே எந்தக் கோட்டை வரைந்து பரப்பை எடுக்கிறோம் என்பது ஆகவே விருப்பத்துக்கு விடக்கூடிய விஷயமல்ல.

இடப்பக்கக் கோட்டை மட்டும் நீட்டி, அதற்கு மேலே உள்ள எல்லாவற்றையும் முகடு என்று எடுத்தால் என்ன ஆகும்? 72 டிகிரி வரை பரப்பை எடுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 60 டிகிரிக்குப் பிந்தைய 12 டிகிரியிலும் அந்த 6.5 கி.ஜூ. படி கணக்கில் சேர்ந்துவிடுகிறது. 12 × 6.5 = 78 கி.ஜூ. வீணாகச் சேரும். 460 இருக்க வேண்டிய இடத்தில் 538 வரும். 80 டிகிரி வரை எடுத்தால் இன்னும் அதிகமாகும். எல்லையை நகர்த்த நகர்த்த என்தால்பி ஏறிக்கொண்டே போனால், அடிக்கோடு தவறு என்று உடனே தெரிந்துகொள்ளலாம். சரியான கோடு, அவிழ்ந்த பங்கு எவ்வளவோ அந்த அளவுக்கு இடப்பக்கக் கோட்டிலிருந்து வலப்பக்கக் கோட்டுக்கு ஏறும் வளைகோடு. முதலில் ஒரு தோராயக் கோட்டை வரைந்து, அதிலிருந்து அவிழ்ந்த பங்கைக் கணக்கிட்டு, அந்தப் பங்கைக் கொண்டு கோட்டை மறுபடி வரைகிறோம். இரண்டு மூன்று சுற்றுகளில் அது நிலைத்துவிடும். மென்பொருள்கள் இதைத் தாமே செய்கின்றன. முகடு சமச்சீராக இருந்து, எல்லைகளும் இருபுறமும் சம தூரத்தில் இருந்தால், தொடக்கப் புள்ளியிலிருந்து முடிவுப் புள்ளிக்கு வரைந்த சாய்வான நேர்கோடும் ஏறக்குறைய அதே பரப்பைத் தரும்; கையால் சரிபார்க்க அது போதும்.

வலப்பக்கக் கோடு தெளிவாகத் தெரிய, முகடு முடிந்தபின் குறைந்தது எட்டு பத்து டிகிரியாவது ஸ்கேன் ஓட வேண்டும். அவசரமாக நிறுத்தப்பட்ட ஸ்கேன்களில் பரப்பை நம்ப முடியாததற்கு இதுவே முதற்காரணம்.

இப்போது உங்கள் எண்களுக்கு வருவோம். லைசோசைமின் மூலக்கூறு நிறை 14,313. செறிவு 1.1 மி.கி./மி.லி. என்றால் 0.5 மி.லி. கலத்தில் 0.55 மி.கி., அதாவது 38.4 நானோமோல் இருக்கிறது. 418 கி.ஜூ./மோல் என்று மென்பொருள் சொன்னால், கருவி உண்மையில் அளந்த வெப்பம் 16.1 மில்லிஜூல். இந்த 16.1 மில்லிஜூல்தான் அளவீடு, 38.4 நானோமோல் என்பது நீங்கள் கொடுத்த தகவல். இரண்டையும் வகுத்து வந்ததே கலோரிமெட்ரிக் என்தால்பி. கலத்தில் உண்மையில் இருந்தது 34.9 நானோமோல், அதாவது 1.0 மி.கி./மி.லி. மட்டுமே என்றால், அதே 16.1 மில்லிஜூல் 460 கி.ஜூ./மோல் ஆகிவிடுகிறது.

அடுத்து வடிவத்திலிருந்து படிப்பது. இரண்டே நிலைகள் மட்டும் இருக்கும்போது, ஒவ்வொரு வெப்பநிலையிலும் அவிழ்ந்தவற்றுக்கும் மடிந்தவற்றுக்கும் உள்ள விகிதமே சமநிலை மாறிலி. அது வெப்பநிலையோடு எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பதை வான்ட் ஹாஃப் சமன்பாடு என்தால்பியோடு இணைக்கிறது. ஒரு மூலக்கூறு முழுவதும் ஒரே மூச்சில் அவிழும்போது என்தால்பி பெரியதாக இருந்தால் மாற்றம் குறுகிய வெப்பநிலை இடைவெளியில் முடிந்துவிடும். முகடு கூர்மையாக இருக்கும். என்தால்பி சிறியதாக இருந்தால் முகடு பரந்து படுத்துக்கொள்ளும். ஆகவே கூர்மையை அளந்தாலே என்தால்பி கிடைக்கிறது. முகட்டின் உயரத்தையும் பரப்பையும் கொண்டு இதை இப்படி எழுதுகிறோம்:

```
ΔHv = 4 R Tm² Cp,max / ΔH
```

இதில் Tm கெல்வினில் இருக்க வேண்டும். Cp,max என்பது முகட்டின் உச்சி அடிக்கோட்டுக்கு மேல் எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்பது. 60 டிகிரி என்பது 333.15 கெல்வின், 4 R Tm² ஏறக்குறைய 3691 கி.ஜூ.·கெல்வின்/மோல். உங்கள் வரைபடத்தில் முகட்டின் உயரம் 52.1 கி.ஜூ./மோல்/கெல்வினுக்கு அருகே இருக்க வேண்டும். 3691 × 52.1 ÷ 418 = 460. மென்பொருள் காட்டிய எண் இதுதான்.

இந்தச் சூத்திரத்தில் கவனிக்க வேண்டியது, உயரமும் பரப்பும் ஒன்றை ஒன்று வகுத்துக்கொள்கின்றன என்பது. செறிவை நீங்கள் பத்து சதவீதம் அதிகமாகக் கொடுத்திருந்தால் உயரமும் அதே விகிதத்தில் குறைந்திருக்கும், பரப்பும் குறைந்திருக்கும். வகுத்த பிறகு பிழை மறைந்துவிடும். இதை இன்னும் நேரடியாகவும் பார்க்கலாம். முகட்டின் பாதி உயரத்தில் அதன் அகலத்தை அளவுகோலால் அளந்து, கீழே உள்ளதில் W என்ற இடத்தில் இடுங்கள்:

```
ΔHv ≈ 3.53 R Tm² / W
```

உங்கள் வரைபடத்தில் அகலம் 7.1 டிகிரிக்கு அருகே இருந்தால் விடை 459 வரும். வரைபடத்தின் செங்குத்து அச்சில் என்ன அலகு இருந்தாலும், அது மைக்ரோவாட்டாகவே இருந்தாலும், இந்த எண் மாறாது. மென்பொருளை நம்புவதற்கு முன் இந்த ஒரே அளவீட்டைக் கையால் செய்து பார்க்கும்படி என்னிடம் கேட்கும் எல்லோருக்கும் சொல்வேன். மென்பொருள் கிலோகலோரியில் எண்ணைத் தருகிறதா, கிலோஜூலிலா என்ற குழப்பமும் இதில் தீர்ந்துவிடும், ஒன்றுக்கொன்று 4.184 மடங்கு வேறுபாடு, ஆகவே தவறினால் உடனே கண்ணில் படும்.

ஆக, ஒரே முகடு இரண்டு தனித்தனி வழிகளில் ஒரே அளவைத் தர வேண்டும். பிரிவாலோவும் கெசினாஷ்விலியும் 1974-ல் லைசோசைம் உட்படச் சில சிறிய கோளப் புரதங்களை அளந்து, கலோரிமெட்ரிக் மதிப்பை வான்ட் ஹாஃப் மதிப்பால் வகுத்தால் விடை ஒன்றுக்கு மிக அருகில், ஏறத்தாழ 1.05 வருகிறது என்று காட்டினார்கள். சிறிய புரதம் முழுதாக மடிந்திருக்கும் அல்லது முழுதாக அவிழ்ந்திருக்கும், இடையில் நிற்கும் மூலக்கூறுகள் மிகக் குறைவு என்ற முடிவுக்கு அந்த எண்ணே ஆதாரமானது. உங்கள் விகிதம் 418 ÷ 460 = 0.91. லைசோசைமின் இயல்பு இன்று நன்றாகத் தெரிந்தது என்பதால், இந்த 0.91 புரதத்தின் இயல்பைவிட உங்கள் கரைசலைப் பற்றியே பேசுகிறது.

நிறுத்து எடுத்த பொடியில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். கடையில் வாங்கும் உறைஉலர்த்திய லைசோசைம் பொடியில் புரதம் மட்டும் இருப்பதில்லை. சோடியம் குளோரைடு, சோடியம் அசிட்டேட் போன்ற உப்புகளும், காற்றிலிருந்து ஏறிய ஈரமும் இருக்கும். பத்து சதவீதம் இதில் எளிதாகப் போய்விடும். டயாலிசிஸ் செய்யும்போது கனஅளவு சற்றுக் கூடுவதும் இதோடு சேரும். ஆகவே எடையை விட்டுவிட்டு, கலத்தில் ஏற்றிய அதே கரைசலின் ஒளி உறிஞ்சலை 280 நானோமீட்டரில் அளக்க வேண்டும். லைசோசைம் 1 மி.கி./மி.லி. கரைசல் 1 செ.மீ. பாதையில் ஏறத்தாழ 2.64 காட்டும். அது அளவிட வசதியான எல்லைக்கு மேல் என்பதால் ஐந்து மடங்கு நீர்த்து அளந்தால், உண்மைச் செறிவு 1.0 எனில் 0.53 வரும், 1.1 எனில் 0.58 வரும். 340 நானோமீட்டருக்கு அருகிலும் ஒருமுறை பாருங்கள். அங்கே பூஜ்ஜியத்துக்கு மேல் எதுவும் தெரிந்தால் கரைசலில் திரள்கள் இருந்து ஒளியைச் சிதறடிக்கின்றன, 280-ல் படித்த எண்ணும் உயர்ந்திருக்கும் என்று பொருள்.

0.53 வந்தால் விஷயம் முடிந்தது. செறிவைத் திருத்தினால் இரண்டு மதிப்புகளும் 460-ல் சந்தித்துவிடும். 0.58 வந்தால்தான் யோசிக்க வேண்டும். அப்போது கரைசலில் 1.1 மி.கி./மி.லி. புரதம் உண்மையிலேயே இருக்கிறது, ஆனால் அதில் பத்தில் ஒரு பங்கு முகட்டில் பங்கெடுக்கவில்லை. முன்பே சிதைந்துபோன அல்லது திரண்டுபோன மூலக்கூறுகள் ஒளியை உறிஞ்சும், வெப்பத்தை உறிஞ்சாது. கரைசலை வேகமாகச் சுழற்றித் திரள்களை நீக்கிவிட்டு, அல்லது அளவு பிரிக்கும் நிரல் ஒன்றில் ஓட்டி எடுத்து, மீண்டும் அளப்பதே வழி. விகிதத்தை ஒன்றுக்குக் கீழே இழுக்கும் இன்னொரு காரணம், இரண்டு மூலக்கூறுகள் இணைந்து ஒன்றாக அவிழ்வது. அப்போது முகடு ஒரு தனி மூலக்கூறுக்கு உரியதைவிடக் கூர்மையாகும். லைசோசைம் பி.எச். 5-க்கு மேலே இணையும் பழக்கமுடையது, உங்கள் 2.5-ல் அந்தச் சந்தேகம் தேவையில்லை. வேறு புரதத்தில் இதைச் சோதிக்க வேண்டுமானால் செறிவை ஐந்து பத்து மடங்கு மாற்றி ஓட்டுங்கள். இணைந்திருப்பவை பிரிந்து அவிழ்கின்றன என்றால் செறிவு கூடும்போது உருகு வெப்பநிலையும் உயரும். தனி மூலக்கூறாக இருந்தால் அது அசையாது.

விகிதம் ஒன்றைவிட அதிகமாக வந்திருந்தால் பேச்சே வேறு. அப்போது மூலக்கூறு ஒரே மூச்சில் அவிழாமல் பகுதி பகுதியாக அவிழ்கிறது. மொத்த வெப்பம் அதேதான், ஆனால் அது அகன்ற இடைவெளியில் சிதறிக் கிடப்பதால் வடிவம் சிறிய என்தால்பியைக் காட்டுகிறது. பல களங்களைக் கொண்ட எதிர்ப்புரதங்கள் இதற்கு நல்ல உதாரணம். அவற்றில் இரண்டு மூன்று முகடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும், ஒற்றை முகடாகப் பொருத்துவதே தவறு.

இவ்வளவு சொன்னதும் ஒரு நிபந்தனையின் மேல் நிற்கிறது: அவிழ்தல் மீளக்கூடியதாக இருக்க வேண்டும். வான்ட் ஹாஃப் சமன்பாடு சமநிலைக்கு உரியது. சமநிலை இல்லையென்றால் 460 என்ற எண்ணுக்குப் பொருளே இல்லை. ஆகவே, கேள்வியில் நீங்கள் சொல்லாத ஒன்றைக் கட்டாயம் செய்ய வேண்டும்: கலத்தைக் குளிரவைத்து, அதே கரைசலை மறுபடி ஓட்டுங்கள். அமில ஊடகத்தில் லைசோசைம் இரண்டாம் ஸ்கேனில் பெரும்பாலும் முதல் முகட்டின் பரப்பை ஏறக்குறைய முழுதாகத் திருப்பித் தரும். திரும்பி வராவிட்டால், முதலில் எவ்வளவு தூரம் சூடேற்றினீர்கள் என்று பாருங்கள். 95 டிகிரி வரை கொண்டுபோய்ச் சற்று நேரம் வைத்தால், மீளக்கூடிய புரதமும் பக்கத்தொகுதிகளின் வேதிச் சிதைவால் கெட்டுவிடும். அது அவிழ்தலின் குற்றமல்ல. முகடு முடிந்து அடிக்கோடு தெரிந்த இடத்திலேயே, உங்கள் ஸ்கேனில் 75 டிகிரிக்கு அருகே, நிறுத்தி இறங்க வேண்டும்.

மீளாத அவிழ்தலுக்கு வரைபடத்திலேயே அடையாளங்கள் உண்டு. முகட்டின் வலப்பக்கம் இடப்பக்கத்தைவிடச் செங்குத்தாக விழுந்தாலோ, விழுந்த கோடு இடப்பக்க மட்டத்துக்கும் கீழே சென்று நடுங்கினாலோ, அவிழ்ந்த புரதம் திரண்டு வெப்பத்தை வெளிவிடுகிறது என்று கொள்ளலாம். எல்லாவற்றையும்விட உறுதியான சோதனை ஸ்கேன் வேகத்தை மாற்றுவது. மணிக்கு 30, 60, 90 டிகிரி என்று ஓட்டிப் பாருங்கள். சமநிலை என்றால் முகடு ஒரே இடத்தில் நிற்கும். வேகத்தைக் கூட்டும்போது அது சில டிகிரிகள் உயர்ந்தால், நாம் படிப்பது வினைவேகத்தையே ஒழிய நிலைப்பாட்டை அல்ல. சாஞ்செஸ்-ரூயிசும் அவருடன் பணியாற்றியவர்களும் 1988-ல் தெர்மோலைசினில் இதைத்தான் காட்டினார்கள்: அழகான ஒற்றை முகடு, ஆனால் அதன் இடமும் வடிவமும் மீளா வினையின் வேகத்தால் தீர்மானிக்கப்பட்டவை. அப்படிப்பட்ட முகட்டிலும் உருகு வெப்பநிலையை ஒப்பீட்டுக்குப் பயன்படுத்தலாம், ஒரே வேகத்தில் ஓட்டிய ஸ்கேன்களுக்கு இடையே மட்டும். வலப்பக்கம் வெட்டுப்பட்டதால் அது பொய்யாகக் கூர்மையடைந்து ΔHv-ஐ உயர்த்தும், உங்கள் 0.91 போன்ற விகிதம் அங்கேயும் தோன்றும் என்பதால்தான், செறிவைக் குற்றம் சொல்வதற்கு முன் மறு ஸ்கேனைச் செய்யச் சொல்கிறேன்.

கடைசியாக, 460 என்ற எண்ணை வெப்பநிலையைச் சேர்க்காமல் எழுதாதீர்கள். அது 60 டிகிரியில் உள்ள என்தால்பி. பி.எச்.-ஐ 2-க்குக் கொண்டுபோனால் லைசோசைம் 55 டிகிரிக்கு அருகில் உருகும், என்தால்பி ஏறத்தாழ 430 இருக்கும், 4.5-ல் 78 டிகிரிக்கு அருகில் உருகும், என்தால்பி ஏறத்தாழ 580 ஆகும். 23 டிகிரிக்கு 150 கி.ஜூ. ஏற்றம், அதாவது டிகிரிக்கு 6.5, முகட்டின் இரு பக்கக் கோடுகளுக்கு இடையே பார்த்த அதே படி. நான்கைந்து பி.எச்.களில் ஓட்டி, என்தால்பியை உருகு வெப்பநிலைக்கு எதிரே குறித்துக் கோடு போட்டால், ஒற்றை ஸ்கேனின் படியை அளப்பதைவிட நம்பகமாக இந்த 6.5 கிடைக்கும், செறிவைத் தவறாக எடுத்த ஸ்கேன் எதுவென்பதும் கோட்டை விட்டு விலகி நிற்கும் புள்ளியாகத் தெரிந்துவிடும். ஒரு மரபுமாற்றிய புரதம் 54 டிகிரியில் உருகி 420 தருகிறது என்றால், மூலப் புரதத்தின் 460-ஓடு ஒப்பிட்டு அது 40 கி.ஜூ. இழந்துவிட்டது என்று எழுதுவது தவறு; மூலப் புரதமே 54 டிகிரியில் 421-தான் தரும்.

எழுதும்போது உருகு வெப்பநிலை, அந்த வெப்பநிலையில் இரண்டு என்தால்பிகள், ஒளி உறிஞ்சலால் அளந்த செறிவு, பஃபரும் பி.எச்.-ம், ஸ்கேன் வேகம், மறு ஸ்கேனில் திரும்பி வந்த பரப்பின் சதவீதம் ஆகியவற்றைச் சேர்த்தே தாருங்கள். 280 நானோமீட்டர் எண்ணும் மறு ஸ்கேனும் கிடைத்தபின் எழுதினால், மிஞ்சிய வேறுபாடு ஏதாவது இருந்தால் அதையும் பார்த்துச் சொல்கிறேன்.